நியூரல் நெட்வொர்க் அடிப்படை: நாளை பரீட்சைக்கு இன்று புரட்ட வேண்டிய பத்து கேள்விகள்

ஒவ்வொரு கேள்விக்கும் கீழே முதலில் வரும் வரிதான் ஃபிளாஷ் கார்டின் பின்பக்கம் எழுத வேண்டியது. இரண்டு மார்க் கேள்விக்கு அதுவே போதும். அதற்கடுத்து வருவது, அந்த வரி ஏன் சரி என்பதும் எங்கே கை தவறும் என்பதும். 1, 5, 7 ஆகிய மூன்று கேள்விகளிலும் ஒரே நியூரான்தான் ஓடுகிறது. கால்குலேட்டரை எடுத்து அந்தக் கணக்கை மட்டும் ஒரு தடவை கையால் போட்டுவிடுங்கள்.

1. ஒரு நியூரானுக்குள்ளே என்னதான் நடக்கிறது?

வரும் எண்களை வெயிட்டுகளால் பெருக்கிக் கூட்டி, பயஸைச் சேர்த்து, அந்தத் தொகையை ஆக்டிவேஷன் ஃபங்ஷனுக்குள் போட்டு வெளியே தருகிறது.

இது இரண்டு படி. முதல் படியில் கிடைப்பது z, இரண்டாவது படியில் கிடைப்பது a. விடைத்தாளில் இந்த இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். பின்னால் டெரிவேட்டிவ் எடுக்கும்போது எதைப் பொறுத்து எடுக்கிறோம் என்ற குழப்பமே வராது.

இன்புட் 1, 2 என்றும், வெயிட் 0.5, -0.25 என்றும், பயஸ் 0.5 என்றும், ஆக்டிவேஷன் சிக்மாய்டு என்றும் வைத்துக்கொள்வோம்.

```
z = 0.5(1) + (-0.25)(2) + 0.5 = 0.5
a = 1 / (1 + e^(-0.5)) = 1 / 1.6065 = 0.6225
```

அதிகம் நடக்கும் தவறு, e-யின் அடுக்கில் இருக்கும் மைனஸை விட்டுவிடுவது. அப்போது 0.3775 என்று வரும். இதைக் கண்டுபிடிக்க மறுபடி கணக்குப் போட வேண்டாம். z பாசிட்டிவ் என்றால் சிக்மாய்டு விடை 0.5-க்கு மேலேதான் இருக்கும், z நெகட்டிவ் என்றால் கீழே. இங்கே z 0.5, அதனால் 0.3775 வந்தாலே அடுக்கைத் திரும்பப் பாருங்கள்.

2. 784-128-10 நெட்வொர்க்கில் மொத்தம் எத்தனை பாராமீட்டர்? பயஸையும் எண்ண வேண்டுமா?

ஒவ்வொரு லேயருக்கும் (உள்ளே வருபவை × நியூரான்கள்) + நியூரான்கள். பயஸையும் சேர்த்து மொத்தம் 1,01,770.

```
784 × 128 + 128 = 100480
128 × 10  + 10  =   1290
                  101770
```

784 என்பது 28 × 28 பிக்சல் படத்தை ஒரே வரிசையாக நீட்டியது. கையெழுத்து எண்களைக் கொண்ட எம்னிஸ்ட் படங்களின் அளவு அதுதான். இன்புட் லேயரில் கணக்கே நடக்காது, எண்கள் அங்கிருந்து கிளம்புகின்றன, அவ்வளவுதான். ஆகவே அதற்குப் பாராமீட்டர் கிடையாது. உங்கள் விடை 1,01,632 என்று வந்தால் 138 பயஸை விட்டுவிட்டீர்கள்.

பயஸ் எதற்கு என்று கூடவே கேட்டால்: அது இல்லாவிட்டால் எல்லா இன்புட்டும் பூஜ்ஜியமாக இருக்கும்போது z-உம் கட்டாயம் பூஜ்ஜியம்தான், சிக்மாய்டு விடை 0.5-தான். வெயிட்டை எப்படி மாற்றினாலும் அது நகராது. வரைபடத்தில் சொன்னால், இரு வகைகளைப் பிரிக்கும் கோடு எப்போதும் ஆதிப்புள்ளி வழியாகவே போயாக வேண்டியிருக்கும். அந்தக் கோட்டை அங்கிருந்து தள்ளி வைக்க உதவுவது பயஸ்.

3. ஆக்டிவேஷன் ஃபங்ஷனே போடாமல் பத்து லேயர் அடுக்கினால் என்ன ஆகும்?

எத்தனை லேயர் அடுக்கினாலும் அது ஒரே ஒரு லீனியர் லேயருக்குத்தான் சமம்.

முதல் லேயர் 2x + 1, இரண்டாவது லேயர் அதை 3 மடங்காக்கி 4 சேர்க்கிறது என்றால், 3(2x + 1) + 4 = 6x + 7. இரண்டு லேயர் போட்டும் மிஞ்சியது ஒரு நேர்கோடுதான். மேட்ரிக்ஸில் எழுதச் சொன்னால் இந்த ஒரு வரி போதும்:

```
W2(W1·x + b1) + b2 = (W2·W1)x + (W2·b1 + b2)
```

4. எக்ஸார் கணக்கை ஒற்றை பெர்செப்ட்ரானால் ஏன் போட முடியாது?

எக்ஸாரின் 1-களையும் 0-களையும் ஒரே நேர்கோட்டால் பிரிக்க முடியாது; பெர்செப்ட்ரானால் நேர்கோடு மட்டும்தான் போட முடியும்.

நான்கு புள்ளிகளைக் குறித்து "கோடு போட முடியவில்லை பாருங்கள்" என்று விடுவதுதான் பலரும் எழுதும் விடை. அது தப்பில்லை. ஆனால் நிரூபணமே நான்கு வரிதான், அதை எழுதினால் திருத்துபவருக்குக் கேள்வி மிச்சமிருக்காது. w1·x1 + w2·x2 + b பூஜ்ஜியத்தைவிடப் பெரிதாக இருந்தால் விடை 1, இல்லாவிட்டால் 0 என்று கொள்வோம்.

```
(0,0) → 0 :  b ≤ 0
(1,0) → 1 :  w1 + b > 0
(0,1) → 1 :  w2 + b > 0
(1,1) → 0 :  w1 + w2 + b ≤ 0
```

நடுவில் இருக்கும் இரண்டையும் கூட்டினால் w1 + w2 + 2b > 0. முதலும் கடைசியும் கூட்டினால் w1 + w2 + 2b ≤ 0. ஒரே எண் பூஜ்ஜியத்தைவிடப் பெரிதாகவும் இருக்க வேண்டும், இல்லாமலும் இருக்க வேண்டும் என்றாகிறது. ஆகவே அப்படிப்பட்ட w1, w2, b கிடையாது. பெர்செப்ட்ரானை ரோசன்பிளாட் வெளியிட்டது 1958-இல். ஒற்றை லேயரின் இந்த மாதிரி வரம்புகளை மின்ஸ்கியும் பேப்பர்ட்டும் கணிதமாக நிறுவியது 1969-இல். ஆண்டு கேட்டால் இந்த இரண்டு போதும்.

ஒரு ஹிடன் லேயர் சேர்த்தால் முடிந்துவிடும். அதையும் கையாலேயே காட்டலாம். இங்கே step என்பது உள்ளே இருப்பது பூஜ்ஜியத்தைவிடப் பெரிது என்றால் 1, இல்லாவிட்டால் 0.

```
h1 = step(x1 + x2 - 0.5)
h2 = step(x1 + x2 - 1.5)
y  = step(h1 - h2 - 0.5)
```

h1 என்பது ஆர் கேட், h2 என்பது ஆண்ட் கேட். "ஏதாவது ஒன்றாவது 1, ஆனால் இரண்டும் 1 இல்லை" என்பதைத்தான் கடைசி வரி சொல்கிறது. (1,1) கொடுத்தால் h1 = 1, h2 = 1, கடைசியில் -0.5, விடை 0. (1,0) கொடுத்தால் h1 = 1, h2 = 0, கடைசியில் 0.5, விடை 1. மற்ற இரண்டையும் நீங்களே போட்டுப் பாருங்கள்.

லேபில் இதையே சிக்மாய்டும் இரண்டு ஹிடன் நியூரானும் வைத்துப் பயிற்றுவித்தால் சில நேரம் லாஸ் 0.693-க்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். 0.693 என்பது ln 2. அதாவது நெட்வொர்க் நான்கு கேள்விக்கும் 0.5 என்றே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது, இன்னும் எதையும் கற்கவில்லை. புரோகிராமில் பிழை தேடுவதற்கு முன் வேறு ஆரம்ப வெயிட்டுகளோடு மறுபடி ஓட்டுங்கள், அல்லது ஹிடன் நியூரானை நான்காக்குங்கள். பெரும்பாலும் நகர்ந்துவிடும்.

5. ஹிடன் லேயரில் சிக்மாய்டை விட்டுவிட்டு எல்லாரும் ரெலு போடுவது ஏன்?

சிக்மாய்டின் டெரிவேட்டிவ் 0.25-ஐத் தாண்டாது, அதனால் ஆழமான நெட்வொர்க்கில் கிரேடியண்ட் கரைந்துபோகும்; ரெலுவுக்கு z பாசிட்டிவாக இருக்கும்வரை டெரிவேட்டிவ் 1.

சிக்மாய்டின் டெரிவேட்டிவ் a(1 - a). முதல் கேள்வியின் நியூரானில் a = 0.6225, ஆகவே 0.6225 × 0.3775 = 0.235. உச்சமே a = 0.5 ஆகும்போது கிடைக்கும் 0.25. பின்னோக்கி வரும்போது ஒவ்வொரு லேயரிலும் இந்த மாதிரி ஓர் எண்ணால் பெருக்கிக்கொண்டே வருகிறோம். ஐந்து லேயரில் உச்ச அளவே 0.25^5, அதாவது ஏறக்குறைய 0.001. வெயிட்டுகளும் கூடவே பெருக்கப்படுவதால் அசல் எண் கொஞ்சம் மாறும். ஆனாலும் முதல் லேயர்களுக்கு வந்து சேர்வது அநேகமாக ஒன்றுமில்லை. இதுதான் வேனிஷிங் கிரேடியண்ட். கடைசி லேயரின் வெயிட்டுகள் மாறிக்கொண்டிருக்க, முதல் லேயரின் வெயிட்டுகள் ஆரம்பித்த இடத்திலேயே இருந்தால் அதுதான் அடையாளம்.

ரெலு, அதாவது max(0, z), குறையே இல்லாதது அல்ல. ஒரு நியூரானுக்கு எந்த இன்புட் வந்தாலும் z நெகட்டிவாகவே இருக்கிறது என்றால், வெளியே வருவது 0, கிரேடியண்ட்டும் 0. வெயிட் மாற வழியே இல்லாததால் அது அப்படியே கிடக்கும். லேர்னிங் ரேட் பெரிதாக இருந்து ஒரே தாவலில் பயஸ் ஆழமாக நெகட்டிவுக்குப் போய்விடுவது வழக்கமான காரணம். லீக்கி ரெலு நெகட்டிவ் பக்கத்திலும் 0.01z போல ஒரு சிறு சரிவை வைத்திருப்பது இதற்காகத்தான்.

6. அவுட்புட் லேயரில் எந்த ஆக்டிவேஷன், எந்த லாஸ்? ஒவ்வொரு தடவையும் மாற்றி எழுதிவிடுகிறேன்.

விலை போன்ற எண்ணைக் கணிக்க ஆக்டிவேஷன் வேண்டாம், எம்எஸ்இ. ஆம்-இல்லை என்றால் சிக்மாய்டு, பைனரி கிராஸ் என்ட்ரோபி. பல வகையில் ஒன்று என்றால் சாஃப்ட்மாக்ஸ், கிராஸ் என்ட்ரோபி.

சாஃப்ட்மாக்ஸ் கணக்கு ஒன்று தெரிந்திருந்தால் மாறாது. அவுட்புட் லேயரின் மூன்று z-கள் 2, 1, 0 என்றால்:

```
e^2 = 7.389,  e^1 = 2.718,  e^0 = 1,  மொத்தம் 11.107
விடை: 0.665, 0.245, 0.090
```

மூன்றும் கூட்டினால் 1 வரவேண்டும், அதுதான் சரிபார்ப்பு. சரியான வகை முதலாவது என்றால் லாஸ் -ln(0.665) = 0.408. சரியான வகை மூன்றாவதாக இருந்தால் -ln(0.090) = 2.408. சரியான வகைக்குக் கொடுத்த எண்ணை மட்டும் எடுத்து மைனஸ் லாக் போடுகிறோம், மற்ற இரண்டும் நேரடியாக லாஸில் வராது.

ஆம்-இல்லை கேள்விக்கு எம்எஸ்இ ஏன் கூடாது? சரியான விடை y = 1 ஆக இருக்க வேண்டிய இடத்தில் நெட்வொர்க் a = 0.01 என்கிறது என்று வைப்போம். படுதவறு, ஆகவே பெரிய திருத்தம் வேண்டும். கிராஸ் என்ட்ரோபியில் z-ஐப் பொறுத்த கிரேடியண்ட் a - y = -0.99. ½(a - y)² என்ற எம்எஸ்இ-இல் அதோடு a(1 - a), அதாவது 0.0099, பெருக்கமாகச் சேரும். கிடைப்பது -0.0098 மட்டும். எவ்வளவு மோசமாகத் தவறுகிறதோ அவ்வளவு மெதுவாகத் திருந்துகிறது, அதனால்தான் வேண்டாம் என்கிறோம்.

செய்முறைத் தேர்வுக்கு ஒன்று. பைடார்ச்சின் `nn.CrossEntropyLoss` சாஃப்ட்மாக்ஸைத் தனக்குள்ளேயே போட்டுக்கொள்ளும். மாடலின் கடைசியிலும் நீங்கள் சாஃப்ட்மாக்ஸ் வைத்தால் இரண்டு தடவை ஆகும். எந்த எர்ரரும் வராது, லாஸ் மட்டும் இறங்க மறுக்கும். பத்து வகைகள் இருக்கும்போது லாஸ் 2.30-க்குப் பக்கத்தில் ஆரம்பிக்கும், ஏனென்றால் ln 10 = 2.303. அங்கிருந்து இறங்கி 1.46-ஐத் தாண்டி கீழே போகவே இல்லை என்றால் அநேகமாக இதுதான் காரணம். நெட்வொர்க் நூற்றுக்கு நூறு உறுதியோடு சரியான விடை சொன்னாலும் இரட்டை சாஃப்ட்மாக்ஸ் 1.461-க்குக் கீழே விடாது.

7. பேக்ப்ராப்பகேஷனும் கிரேடியண்ட் டிசென்ட்டும் ஒன்றுதானே?

இல்லை, ஒவ்வொரு வெயிட்டுக்கும் லாஸின் கிரேடியண்ட்டைக் கணக்கிடுவது பேக்ப்ராப்பகேஷன், அந்தக் கிரேடியண்ட்டை வைத்து வெயிட்டை மாற்றுவது கிரேடியண்ட் டிசென்ட்.

நம் நியூரானுக்கே திரும்புவோம். சரியான விடை y = 1, நெட்வொர்க் சொன்னது a = 0.6225. கிராஸ் என்ட்ரோபி லாஸ் -ln(0.6225) = 0.474. இப்போது செயின் ரூல்:

```
dL/da  = -1/a      = -1.606
da/dz  = a(1 - a)  =  0.235
dL/dz  = a - y     = -0.3775

dL/dw1 = -0.3775 × 1 = -0.3775
dL/dw2 = -0.3775 × 2 = -0.755
dL/db  = -0.3775
```

முதல் இரண்டையும் பெருக்கினாலே மூன்றாவது கிடைத்துவிடும், -1.606 × 0.235. சிக்மாய்டும் கிராஸ் என்ட்ரோபியும் சேர்ந்தால் இப்படிச் சுருங்கி a - y ஆகிவிடுகிறது. இதுவரை நடந்தது பேக்ப்ராப்பகேஷன். ஒரு வெயிட்டும் இன்னும் மாறவில்லை.

அடுத்ததுதான் கிரேடியண்ட் டிசென்ட். லேர்னிங் ரேட் 0.1:

```
w1 = 0.5   - 0.1(-0.3775) =  0.53775
w2 = -0.25 - 0.1(-0.755)  = -0.1745
b  = 0.5   - 0.1(-0.3775) =  0.53775
```

புது எண்களைப் போட்டுப் பார்த்தால் z = 0.7265, a = 0.674, லாஸ் 0.395. 0.474-இலிருந்து இறங்கியிருக்கிறது. இந்தக் கடைசிச் சரிபார்ப்பை நேரம் இருந்தால் எப்போதும் செய்யுங்கள். மைனஸும் மைனஸும் சேரும் இடத்தில் கழித்துவிட்டு w1 = 0.46225 என்று எழுதுவதுதான் இந்தக் கணக்கில் மார்க் போகும் முதல் இடம். அப்படி எழுதியிருந்தால் லாஸ் இறங்காமல் ஏறும், உடனே தெரிந்துவிடும்.

மார்க் போகும் இரண்டாவது இடம், ஹிடன் லேயர் உள்ள கணக்கு. அவுட்புட் லேயரின் வெயிட்டைப் புதுப்பித்துவிட்டு, அந்தப் புது வெயிட்டை வைத்தே ஹிடன் லேயருக்குக் கிரேடியண்ட்டைக் கொண்டுபோகிறார்கள். அப்படிச் செய்யக்கூடாது. எல்லாக் கிரேடியண்ட்டையும் பழைய வெயிட்டிலேயே கணக்கிட்டு முடித்த பிறகுதான் எல்லாவற்றையும் ஒன்றாகப் புதுப்பிக்க வேண்டும். இந்த முறையைப் பரவலாக்கிய ருமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் கட்டுரை வந்த ஆண்டு 1986.

8. லேர்னிங் ரேட் பெரிதாக இருந்தால் சீக்கிரம் கற்றுக்கொள்ளாதா?

ஓர் எல்லை வரைக்கும்தான். அதைத் தாண்டினால் லாஸின் அடியைத் தாவிக் கடந்து, அங்கும் இங்கும் ஆடி, கடைசியில் சிதறிப்போகும்.

லாஸ் வெறும் w² என்று வையுங்கள், அடி w = 0. கிரேடியண்ட் 2w. w = 1-இல் ஆரம்பித்தால், ரேட் 0.1 என்றால் 0.8, 0.64 என்று ஒழுங்காக இறங்கும். ரேட் 1 என்றால் -1, 1, -1 என்று அப்படியே ஆடும். ரேட் 1.1 என்றால் -1.2, 1.44, -1.728 என்று விலகிக்கொண்டே போகும். ரேட் 0.001 என்றால் 0.998, தவறில்லை, ஆனால் விடிந்துவிடும். லேபில் லாஸ் திடீரென்று ஏறி `nan` என்று வந்தால் முதல் வேலையாக ரேட்டைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துப் பாருங்கள்.

9. எப்போக், பேட்ச், இட்டரேஷன்: மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

முழு டேட்டாவையும் ஒரு சுற்று பார்ப்பது எப்போக். ஒரு தடவை வெயிட்டை மாற்ற எடுக்கும் பகுதி பேட்ச். ஒரு பேட்ச்சுக்கு நடக்கும் ஒரு வெயிட் மாற்றம் இட்டரேஷன்.

1000 படங்கள், பேட்ச் அளவு 32, எப்போக் 10. 1000 / 32 = 31.25, ஆகவே ஒரு எப்போக்கில் 32 இட்டரேஷன். 31 முழு பேட்ச்சில் 992 படம் போக, கடைசி பேட்ச்சில் 8 படம். மொத்தம் 320. பின்னம் வந்தால் மேலே ஏற்றுங்கள். கடைசிக் குறை பேட்ச்சை விட்டுவிடுவதாகக் கேள்வியிலேயே சொல்லியிருந்தால் மட்டும் 310.

10. ஓவர்ஃபிட்டிங் என்று எதை வைத்துச் சொல்வது? டிராப்அவுட் போட்டால் போதுமா?

டிரெயினிங் லாஸ் இறங்கிக்கொண்டே இருக்க, வேலிடேஷன் லாஸ் ஒரு கட்டத்தில் திரும்பி ஏறத் தொடங்கினால் அது ஓவர்ஃபிட்டிங்.

வரைபடம் கேட்டால் இரண்டு கோடும் ஒரே அச்சில் வர வேண்டும்: கீழே எப்போக், பக்கத்தில் லாஸ். வேலிடேஷன் கோடு திரும்பும் இடத்தில் செங்குத்தாக ஒரு புள்ளிக்கோடு போட்டு "இங்கே நிறுத்து" என்று குறியுங்கள், ஏர்லி ஸ்டாப்பிங் என்பது அதுதான். இரண்டு லாஸும் உயரத்திலேயே நின்றால் அது அண்டர்ஃபிட்டிங். அங்கே டிராப்அவுட் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் ஏற்கெனவே போதாத நெட்வொர்க்கிலிருந்து இன்னும் சில நியூரானைப் பிடுங்குகிறோம். எனவே எந்த நோய் என்று பார்த்த பிறகுதான் மருந்து.

டிராப்அவுட் 0.5 என்றால், பயிற்சியின்போது ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய பாதி நியூரான்களின் அவுட்புட் தற்செயலாகப் பூஜ்ஜியமாக்கப்படும். மிச்சமிருப்பவை 1/(1 - 0.5), அதாவது 2-ஆல் பெருக்கப்படும். அப்போதுதான் அடுத்த லேயருக்குப் போகும் தொகையின் சராசரி மாறாமல் இருக்கும். சோதனையின்போது எல்லா நியூரான்களும் வேலை செய்யும், பெருக்கலும் கிடையாது. பைடார்ச்சில் இந்த மாற்றத்தை நாம்தான் சொல்ல வேண்டும்:

```
model.eval()    # சோதனைக்கு முன்
model.train()   # மறுபடி பயிற்சிக்கு முன்
```

முதல் வரியை மறந்தால், ஒரே படத்தை இரண்டு தடவை கொடுத்தாலும் இரண்டு வேறு விடை வரும், அக்யூரசியும் இருக்க வேண்டியதைவிடக் குறைவாகக் காட்டும். இரண்டாவது வரியை மறப்பதுதான் கண்டுபிடிக்கக் கடினம். முதல் எப்போக்கின் வேலிடேஷனுக்குப் பிறகு டிராப்அவுட் நின்றுபோயிருக்கும், எர்ரர் எதுவும் வராது, டிராப்அவுட் போட்டும் ஓவர்ஃபிட் ஆகிறதே என்று நீங்கள் அதன் அளவை 0.5, 0.6, 0.7 என்று ஏற்றிக்கொண்டே போனாலும் அந்தக் கோடு அசையாது.